தாமதக் கட்டண விலக்கு: முதலில் தேதியைத் திருத்தக் கேளுங்கள்

கேள்வி: சிறு வியாபாரி நான். வணிக உரிமம் ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்தது. ஜூன் 18 முதல் ஜூலை 9 வரை மருத்துவமனையில் இருந்தேன். ஜூலை 24 வரை ஓய்வெடுக்கச் சொன்னார்கள். 26-ஆம் தேதி இணையத்தில் விண்ணப்பித்தபோது வங்கிக் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, ஆனால் விண்ணப்பம் பதிவாகவில்லை. அந்தப் பணம் ஆகஸ்ட் 8-இல்தான் திரும்பி வந்தது. 11-ஆம் தேதி மறுபடி விண்ணப்பித்து அடிப்படைக் கட்டணத்தைச் செலுத்திவிட்டேன். 42 நாள் தாமதம், 30 நாளைத் தாண்டிவிட்டதால் இரண்டாம் படித் தாமதக் கட்டணம் என்கிறார்கள். அதைத் தள்ளுபடி செய்யக் கேட்டு எப்படி எழுதுவது?

பதில்:

உங்கள் கடிதத்தில் இரண்டு கோரிக்கைகள் இருக்க வேண்டும். விண்ணப்பித்த நாளாக ஜூலை 26-ஐ எடுத்துக்கொள்ளும்படி கேட்பது முதல் கோரிக்கை. அப்படி எடுத்துக்கொண்ட பிறகும் மிஞ்சுகிற தாமதத்துக்கு விலக்கு கேட்பது இரண்டாவது. இந்த வரிசை முக்கியம். பெரும்பாலானவர்கள் நேரே இரண்டாவதற்குப் போய், உடல்நலக் குறைவை விரிவாக எழுதி, இரக்கத்தை வேண்டி முடித்துவிடுகிறார்கள். தங்கள் கையில் இருக்கும் வலுவான காரணம் கடிதத்தின் ஐந்தாவது பத்தியில் ஒரு வரியாகப் புதைந்து கிடப்பது அவர்களுக்கே தெரிவதில்லை.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். தாமதக் கட்டணத்தை விலக்குவது சலுகை. அதைக் கொடுக்க அந்த அலுவலருக்கு விதியில் அதிகாரம் இருக்க வேண்டும். இருந்தாலும் கொடுப்பதும் மறுப்பதும் அவருடைய முடிவு. எந்த நாளை விண்ணப்ப நாளாகக் கொள்வது என்பது அப்படியல்ல. அது நடந்தது என்ன என்பதைப் பற்றிய கேள்வி. ஜூலை 26 அன்று நீங்கள் படிவத்தை நிரப்பி, பணமும் செலுத்தி, அந்தப் பணம் உங்கள் கணக்கிலிருந்து போயும்விட்டது என்றால், அன்றைக்கு உங்கள் பக்கம் செய்ய வேண்டியதை முடித்துவிட்டீர்கள் என்று வாதிட இடமிருக்கிறது. அதை ஏற்றால் தாமதம் 42 நாளிலிருந்து 26 நாளாகக் குறைகிறது. 26 என்பது 30-க்குள். ஆகவே எந்தச் சலுகையும் இல்லாமலே நீங்கள் முதல் படிக்கு வந்துவிடுகிறீர்கள். விலக்குக் கோரிக்கை முழுவதும் நிராகரிக்கப்பட்டாலும் இந்தப் பலன் கையில் நிற்கும். அதனால்தான் இதை முதலில் வைக்கச் சொல்கிறேன்.

இனி, கடிதத்தைப் படிக்கப் போகிறவர் யார் என்று பாருங்கள். பிரிவு எழுத்தர் அதைக் கோப்பில் வைத்து, சுருக்கமாக ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்புவார். அலுவலர் அந்தக் குறிப்பின் கீழ்தான் முடிவை எழுதுவார். ஓரிரு ஆண்டு கழித்துத் தணிக்கைக்கு வருபவர், வர வேண்டிய தொகை ஏன் வசூலிக்கப்படவில்லை என்று கேட்பார். அப்போது பதில் சொல்ல நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள்; கோப்புதான் பதில் சொல்ல வேண்டும். இந்தத் தணிக்கைப் பயம் காரணமாகவே நல்ல மனமுள்ள அலுவலர்கள்கூட விலக்கு அளிக்கத் தயங்குகிறார்கள். ஆகவே உங்கள் கடிதத்தின் வாக்கியங்களை எழுத்தர் அப்படியே தம் குறிப்பில் எடுத்து எழுதக்கூடியபடி அமையுங்கள். தேதி, நாள் கணக்கு, ஆவணம், விதி எண் ஆகிய நான்கும் அதற்குப் போதும்.

விதியிலிருந்து தொடங்குங்கள். உங்கள் உரிமம் எந்தச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டதோ அதன் விதிகளில் தாமதக் கட்டணம் பற்றிய பிரிவைத் தேடி எடுத்து, அதன் கடைசி வாக்கியம் வரை படியுங்கள். "போதுமான காரணம் இருப்பதாக அலுவலர் கருதினால் குறைக்கவோ விலக்கவோ செய்யலாம்" என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தால் அதுவே உங்கள் கடிதத்தின் அடித்தளம். இல்லையென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது விலக்களிக்கும் பொது அதிகாரம் மேலதிகாரியிடமோ அரசிடமோ வைக்கப்பட்டிருக்கிறதா என்பதை. பல இடங்களில் உரிமம் வழங்குபவருக்கு வசூலிக்க மட்டுமே அதிகாரம் உண்டு. விலக்கும் அதிகாரம் அவருக்கு ஒரு படி மேலே இருக்கும். அப்போது கடிதத்தை உங்கள் அலுவலர் வழியாக மேலதிகாரிக்கு எழுத வேண்டும். முகவரி தவறினால் "எமக்கு அதிகாரமில்லை" என்ற ஒற்றை வரிப் பதில் வரும். அது பொய்யும் அல்ல.

எங்குமே அந்த அதிகாரம் இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் விலக்கு கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். தேதித் திருத்தத்தை மட்டும் கேளுங்கள். அதோடு, விதி அனுமதித்தால், மீதித் தொகையைத் தவணையில் செலுத்த அனுமதி கேளுங்கள். இல்லாத அதிகாரத்தைக் கண்ணீரால் உண்டாக்க முடியாது.

ஜூலை 26-க்கு வருவோம். இதற்கான சான்றுகளில் பாதி உங்களிடமும் பாதி அலுவலகத்திடமும் இருக்கின்றன. வங்கிக் கணக்கு அறிக்கையில் ஜூலை 26 அன்று பணம் கழிந்த வரியும் ஆகஸ்ட் 8 அன்று அது திரும்பி வந்த வரியும் இருக்கும். இரண்டையும் ஒரே பக்கத்தில் வரும்படி அச்செடுத்து, அந்த இரு வரிகளை மட்டும் கோடிட்டுக் காட்டுங்கள். பணம் போன வரியில் பரிவர்த்தனை எண் ஒன்று இருக்கும். திரும்பி வந்த வரியிலும் அதே எண்ணோ அதைச் சுட்டும் குறிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது வேறு ஏதோ பணம் என்று யாரும் சொல்ல முடியாது. இல்லையென்றால் இரண்டையும் இணைத்து ஒரு கடிதம் தரும்படி வங்கியைக் கேளுங்கள். அந்த நாளில் கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தி, திரையில் தோன்றிய பிழைச் செய்தியின் படம், தற்காலிக விண்ணப்ப எண் ஏதேனும் கிடைத்திருந்தால் அது, எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்திடம் இருக்கும் பாதியை நீங்கள் கொண்டுவர முடியாது. சரிபார்க்கும்படி கேட்க முடியும். "ஜூலை 26 அன்று என் பயனர் கணக்கிலிருந்து விண்ணப்பம் தொடங்கப்பட்டதை இணையதளப் பதிவுகளில் சரிபார்க்க வேண்டுகிறேன்" என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். எழுத்தரால் தம் திரையிலேயே பார்க்கக்கூடிய செய்தியாக அது இருந்தால், நீங்கள் இணைக்கும் எந்தச் சான்றிதழையும்விட அதற்கு மதிப்பு அதிகம். மருத்துவச் சான்றை அவர் நம்ப வேண்டியிருக்கிறது. சொந்தப் பதிவேட்டை அவர் நம்பத் தேவையில்லை, பார்த்தாலே போதும்.

இங்கே உங்களை மடக்கக்கூடிய ஒரு கேள்வி உண்டு. பணம் திரும்ப வரும் வரை ஏன் காத்திருந்தீர்கள், மறுநாளே வேறு பணத்தைச் செலுத்தி விண்ணப்பித்திருக்கலாமே? இதற்கு விடை உங்களுக்குத்தான் தெரியும், அதை உண்மையாக எழுதுங்கள். இரண்டு முறை பணம் போய்விடுமோ என்று அஞ்சி அலுவலகத்தில் விசாரித்தபோது காத்திருக்கச் சொன்னார்கள் என்றால், எந்த நாள், எந்த முகப்பு என்று எழுதுங்கள். யார் பெயரும் வேண்டாம். வங்கியில் புகார் பதிந்திருந்தால் புகார் எண்ணே போதும். கையில் வேறு பணம் இல்லை என்பதுதான் காரணம் என்றால், அன்றைய கணக்கு இருப்பு அதே அறிக்கையில் தெரியும், சுட்டிக்காட்டுங்கள். ஆகஸ்ட் 8-இல் பணம் வந்து மூன்றாம் நாளே மறுபடி விண்ணப்பித்தது உங்களுக்குச் சாதகமானது. அதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

இனி மிஞ்சும் 26 நாள்கள். ஜூலை 1 முதல் 9 வரை மருத்துவமனையில், 9 நாள். ஜூலை 10 முதல் 24 வரை ஓய்வு, 15 நாள். ஆக 24 நாள்கள் மருத்துவ ஆவணத்தில் அடங்கிவிடுகின்றன. ஜூலை 25, 26 இரண்டு நாள்தான் எஞ்சுகின்றன. எழுந்து நடமாடத் தொடங்கிய மறுநாளே விண்ணப்பத்தில் உட்கார்ந்தீர்கள் என்பதை அவை காட்டுகின்றன. இப்படி நாளைப் பிரித்துக் காட்டும்போது "உடல்நலக் குறைவால் தாமதமாயிற்று" என்ற பொத்தாம் பொதுவான வரி சரிபார்க்கக்கூடிய கணக்காகிவிடுகிறது.

மருத்துவ ஆவணங்களில் தேதியைத்தான் அலுவலர் தேடுவார், நோயை அல்ல. சேர்ந்த நாளும் வெளியே வந்த நாளும் உள்ள வெளியேற்றச் சுருக்கத்தின் முதல் பக்கம் போதும். நோயின் விவரம் அலுவலகத்தில் பலர் கைக்குப் போக வேண்டாம் என்று நினைத்தால், நகலில் அந்த வரிகளை மறைத்துவிட்டு, மூலத்தை நேரில் காட்டத் தயார் என்று எழுதலாம். ஓய்வுக்கான சான்று எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்பதையும் பாருங்கள். ஜூலை 9 அன்றே, வெளியேறும்போது கொடுத்த ஓய்வு அறிவுரைக்கு எடை அதிகம். இந்த விண்ணப்பத்துக்காக நேற்று வாங்கிய சான்றிதழில் ஜூலை மாத ஓய்வைப் பற்றி எழுதியிருந்தால் அதைப் பார்த்ததுமே சந்தேகம் வரும். வெளியேற்றச் சுருக்கத்திலேயே ஓய்வுக் காலம் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் மருந்துப் பட்டியலுக்குக் கீழே இருக்கும்.

இன்னும் இரண்டு கேள்விகளை எதிர்பாருங்கள். ஜூன் 18-க்கு முன்பே ஏன் விண்ணப்பிக்கவில்லை? கடைசி நாள் வரை அவகாசம் இருக்கும்போது முதல் வாரத்திலேயே செய்யவில்லை என்பது குற்றமாகாது. அதைத் தர்க்கமாகச் சொல்வதைவிட, முந்தைய ஆண்டுகளில் நீங்கள் கெடுவுக்குள் புதுப்பித்த ரசீதுகளின் நகல்களை இணைத்தால் பேசாமலே பதில் கிடைத்துவிடும். வேறு யாராவது உங்களுக்காகச் செய்திருக்கலாமே என்பது அடுத்த கேள்வி. உரிமம் உங்கள் ஒருவர் பெயரில் இருக்கிறது, சரிபார்ப்பு எண் உங்கள் கைப்பேசிக்குத்தான் வரும், வேறு அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரர் இல்லை என்றால் அதை அப்படியே எழுதுங்கள்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றைப் பற்றி எனக்குக் கவலை இருக்கிறது. ஜூலை 1 முதல் வியாபாரம் நடந்ததா? விலக்கு கேட்பவர்கள் பரிதாபத்தைக் கூட்டுவதற்காக, அந்தக் காலம் முழுக்க வியாபாரம் நின்றுபோயிற்று என்று எழுதிவிடுகிறார்கள். அதே மாதத்துக்கான வரிக் கணக்கில் விற்பனை காட்டப்பட்டிருக்கும். மின் கட்டணம் வழக்கம்போல வந்திருக்கும். அந்த ஒரு வரி பொய்யாகிவிட்டால் மருத்துவச் சான்றையும் யாரும் நம்பமாட்டார்கள். மறுபக்கம், குடும்பத்தார் வியாபாரத்தை நடத்தினார்கள் என்று நீங்களாகவே விரிவாக எழுதினால், உரிமம் இல்லாத காலத்தில் வணிகம் செய்ததை எழுத்தில் ஒப்புக்கொண்டதாகும். அதற்குத் தனித் தண்டம் இருக்கலாம். விலக்குக் கடிதம் விண்ணப்பம் ஏன் தாமதமானது என்பதைப் பற்றியது. அதற்குத் தேவையில்லாததை அதில் எழுத வேண்டாம். நேரில் கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். வியாபாரம் நடந்திருந்தால், கடிதம் கொடுக்கும் முன் சட்டம் அறிந்த ஒருவரிடம் அந்தப் பகுதியை மட்டும் கேட்டுக்கொள்வது நல்லது.

வறுமையைப் பற்றியும் ஒரு சொல். வியாபாரம் மந்தம், கடன் அதிகம் என்பவை தாமதத்துக்குக் காரணம் ஆகா. அவை தொகையைக் கட்ட முடியாமைக்குக் காரணம். ஆகவே அவற்றை விலக்குக்கு ஆதாரமாக வைக்காமல், கடைசிக் கோரிக்கையான தவணைக்கு ஆதாரமாக வையுங்கள். அந்த இடத்தில் அது பொருந்தும். மற்றவருக்குத் தள்ளுபடி செய்தீர்களே என்ற வாதத்தை, அந்த ஆணையின் நகல் கையில் இருந்தாலொழிய எழுத வேண்டாம்.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். இப்படி எழுதலாம்:

> பொருள்: வணிக உரிமம் புதுப்பித்தல் – விண்ணப்ப நாளை ஜூலை 26 எனக் கொள்ளவும், தாமதக் கட்டணத்தை விலக்கவும் வேண்டுதல்.
>
> பார்வை: 1. உரிம எண் … 2. ஆகஸ்ட் 11-ஆம் தேதிய விண்ணப்ப எண் … 3. தாமதக் கட்டணக் கேட்பு அறிவிப்பு எண் …
>
> ஐயா / அம்மா,
>
> பார்வை 1-இல் கண்ட உரிமம் ஜூன் 30 அன்று முடிவடைந்தது. ஜூலை 26 அன்று இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினேன். தொகை என் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டும் விண்ணப்பம் பதிவாகவில்லை. அத்தொகை ஆகஸ்ட் 8 அன்று திரும்ப வரவு வைக்கப்பட்டது (இணைப்பு 1). மூன்றாம் நாளான ஆகஸ்ட் 11 அன்று மீண்டும் விண்ணப்பித்து அடிப்படைக் கட்டணத்தைச் செலுத்தினேன் (இணைப்பு 2). ஜூலை 26-ஆம் தேதிய முயற்சியை இணையதளப் பதிவுகளில் சரிபார்த்து, அந்நாளையே விண்ணப்ப நாளாகக் கொள்ளுமாறு வேண்டுகிறேன். அதன்படி தாமதம் 26 நாள்கள். 30 நாள்களுக்கு உட்பட்டது.
>
> இந்த 26 நாள்களில் ஜூலை 1 முதல் 9 வரை மருத்துவமனையிலும், ஜூலை 10 முதல் 24 வரை மருத்துவ அறிவுரைப்படி ஓய்விலும் இருந்தேன் (இணைப்பு 3). உரிமம் என் ஒருவர் பெயரில் உள்ளது. வேறு கையொப்பதாரர் இல்லை. முந்தைய ஆண்டுகளில் கெடுவுக்குள் புதுப்பித்துள்ளேன் (இணைப்பு 4). ஆகவே விதி … இன்படி இந்த 26 நாள்களுக்கான தாமதக் கட்டணத்தை விலக்குமாறு வேண்டுகிறேன்.
>
> முழு விலக்கு இயலாதெனில் முதல் படிக் கட்டணத்தை மட்டும் வசூலிக்கவும், அதைத் தவணையில் செலுத்த அனுமதிக்கவும் வேண்டுகிறேன். இக்கோரிக்கை மீதான முடிவைக் காரணத்துடன் எழுத்துமூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசிப் பத்தியின் முதல் வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஒரே கோரிக்கையை மட்டும் வைத்தால் அலுவலர் முன்னால் ஆம், இல்லை என்ற இரண்டே வழிகள் இருக்கும். தயங்குபவர் இல்லை என்பதையே எழுதுவார். இடைப்பட்ட வழியை நீங்களே எழுதிக் கொடுத்தால் அதில் கையெழுத்திடுவது அவருக்கு எளிது.

கொடுக்கும்போது ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் உங்கள் நகலில் தேதி முத்திரையாவது வேண்டும். நேரில் பேசிவிட்டுக் கடிதத்தைக் கொடுக்காமல் திரும்பினால் அலுவலகத்தைப் பொறுத்தவரை நீங்கள் எதுவும் கேட்கவில்லை.

முடிவு வரும்வரை தாமதக் கட்டணத்தைச் செலுத்தாமல் இருப்பதா? இதை முகப்பில் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தாமதக் கட்டணம் இல்லாத விண்ணப்பத்தை முழுமையற்றதாகக் கருதும் விதிகள் உண்டு. அங்கே காத்திருந்தால் நாள்கள் கூடிக்கொண்டே போய், விலக்கு கேட்ட தொகையைவிடக் கேட்கப்படும் தொகை பெரிதாகிவிடும். உரிமமும் கைக்கு வராது. அப்படியென்றால் தொகையைச் செலுத்திவிடுங்கள். ஆனால் செலுத்தும் நாளிலேயே, "என் விலக்குக் கோரிக்கைக்குப் பாதகமின்றி, திரும்பப் பெறும் உரிமையுடன் செலுத்துகிறேன்" என்று எழுதிய ஒரு கடிதத்தைக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். சும்மா கட்டிவிட்டால், கோரிக்கையைக் கைவிட்டதாகக் கோப்பை மூடிவிடுவார்கள். பணம் கட்டும் முன், செலுத்திய தாமதக் கட்டணத்தைத் திருப்பித் தர விதியில் வழி உண்டா என்றும் பாருங்கள்; இல்லையென்றால், அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் ஈடு செய்யும்படி கோரிக்கையை மாற்றி எழுதலாம்.

மறுப்பு ஆணை வந்தால் முதலில் அதன் தேதியையும், மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் என்பதையும் பாருங்கள். அந்தக் கெடு ஓடத் தொடங்கியிருக்கும். பிறகு ஆணைக்குள் ஜூலை 26 பற்றி ஒரு வாக்கியமாவது இருக்கிறதா என்று தேடுங்கள். மருத்துவக் காரணத்தை மட்டும் அலசிவிட்டு, பணம் கழிந்த விஷயத்தைத் தொடாமல் மறுத்திருந்தால் உங்கள் மேல்முறையீட்டின் முதல் காரணம் அதுதான்: கேட்ட கேள்விக்கு ஆணையில் பதில் இல்லை. மேலே உள்ள கடிதத்தில் இரண்டு கோரிக்கைகளையும் தனித்தனிப் பத்திகளில் வைத்தது இதற்காகவும்தான். கலந்து எழுதியிருந்தால் இந்தக் குறையைச் சுட்டிக்காட்ட முடியாது.

உரிமம் கைக்கு வந்ததும் அதில் செல்லுபடிக் காலம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்று அங்கேயே படித்துப் பாருங்கள். ஜூலை 1 என்று இருந்தால் இடைவெளி இல்லை. ஆணை பிறந்த நாள் என்று இருந்தால், இடைப்பட்ட வாரங்கள் உரிமமற்ற காலமாகவே பதிவில் நிற்கும். தாமதக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு அப்படிக் கொடுத்திருந்தால் முந்தைய உரிமம் முடிந்த மறுநாளிலிருந்து திருத்தித் தரும்படி அன்றே எழுதிக் கொடுங்கள். முடியும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது பழையபடி ஜூன் 30 ஆக இல்லாமல் மாறியிருக்கலாம்.